ஹோண்டா ஜெயித்த கதையும் ஒரு கன்சல்டன்ட்டின் ஸ்லைடுகளும்

1975 ஜூலைக் கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் ஓர் அறிக்கை வந்தது. கேட்டது அந்நாட்டுத் தொழில்துறை அமைச்சகம். எழுதியது பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம். விஷயம் மோட்டார் சைக்கிள். ட்ரையம்ப், நார்ட்டன், பிஎஸ்ஏ என்று ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பெயர் சொன்ன பிரிட்டிஷ் வண்டிகள் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. (நமக்குப் பழக்கமான என்ஃபீல்டும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1955ல் மெட்ராஸில் வேர்விட்டதால் அது பிழைத்தது.) 1973ல் பிஎஸ்ஏ-ட்ரையம்பையும் நார்ட்டன் வில்லியர்ஸையும் அரசுப் பணத்தோடு இணைத்து நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ப் என்ற ஒரே நிறுவனமாக ஆக்கியிருந்தார்கள். அதுவும் தள்ளாடியது. இன்னும் பணம் போடலாமா, என்ன செய்தால் பிழைக்கும் என்பதுதான் அமைச்சகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த அறிக்கை பிறகு பிஸினஸ் பள்ளிகளில் பாடமானது. அதைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேராசிரியர்கள் சண்டை போட்டார்கள். கன்சல்டன்ட் ஒருவர் நிலவரத்தில் தொடங்கி, ஆய்வு வழியாகப் பரிந்துரைக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும், வழியில் எங்கே வழுக்கும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். மூலம் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கை. இன்றைக்கு அதே வேலையைப் பவர்பாயின்டில், ‘டெக்’ என்று அவர்கள் சொல்லும் ஸ்லைடு அடுக்காகக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சரக்கை வைத்தே ஒரு டெக் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஸ்லைடுகள் நிலவரம். இங்கே பலர் செய்யும் தப்பு, தெரிந்ததையெல்லாம் கொட்டுவது. ட்ரையம்பின் வரலாறு, பர்மிங்ஹாம் தொழிற்சாலையின் படம், உலகச் சந்தையின் அளவு என்று பத்துப் பக்கம் போகும். அமைச்சக அதிகாரிக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும். மெக்கின்ஸி நிறுவனத்தில் 1963ல் சேர்ந்து, பின்னாளில் அங்கே எழுதக் கற்றுக்கொடுத்த பார்பரா மின்ட்டோ இதற்கு ஒரு வரிசை வகுத்தார்: நிலவரம், அதில் விழுந்த சிக்கல், சிக்கல் எழுப்பும் கேள்வி, அதற்குப் பதில். நிலவரம் என்பது கேட்பவர் மறுக்காமல் தலையாட்டக்கூடிய இரண்டு மூன்று உண்மைகள் மட்டுமே. பிரிட்டனிடம் மோட்டார் சைக்கிள் தொழில் இருக்கிறது, அது பெரிய வண்டிகளை அமெரிக்காவில் விற்றுப் பிழைக்கிறது, அரசு அதில் பணம் போட்டிருக்கிறது. அவ்வளவு போதும். சிக்கல்: அந்த அமெரிக்கச் சந்தை கையைவிட்டுப் போய்விட்டது.

கேள்விதான் டெக்கின் முதுகெலும்பு. இந்தச் சிக்கலிலிருந்து குறைந்தது மூன்று கேள்விகள் கிளம்பலாம். ஜப்பானியர்கள் எப்படி ஜெயித்தார்கள்? நம்மவர்கள் ஏன் தோற்றார்கள்? இனி அரசு என்ன செய்வது? மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆதாரம் வேண்டும். முதலாவதுக்கு டோக்கியோவுக்குப் போய் ஹோண்டாக்காரர்களிடம் பேச வேண்டும். இரண்டாவதுக்கு பர்மிங்ஹாமின் பழைய கணக்குகளையும் கூட்டக் குறிப்புகளையும் புரட்ட வேண்டும். மூன்றாவதுக்கு இன்றைய உற்பத்திச் செலவு, நாளைய சந்தை, போடவேண்டிய முதல் ஆகியவை தெரிந்தாக வேண்டும். அமைச்சகம் பணம் கொடுத்தது மூன்றாவதுக்கு. அறிக்கையின் தலைப்பே பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலுக்கான மாற்று உத்திகள் என்பதுதான். இந்த மூன்று கேள்விகளும் பின்னால் கலந்துபோனதில்தான் அந்த இருபதாண்டுச் சண்டை.

கேள்வி உறுதியானதும் அனுபவசாலிகள் கணினியில் தரவைத் தேட ஓடுவதில்லை. வெற்று ஸ்லைடுகளை எடுத்து, தலைப்புகளை மட்டும் எழுதுவார்கள். ஒவ்வொரு தலைப்பும் முழு வாக்கியம். ‘சந்தைப் பங்கு’ என்பது தலைப்பு இல்லை, அலமாரியில் ஒட்டும் சீட்டு. ‘அமெரிக்காவில் பிரிட்டிஷ் வண்டிகள் ஒவ்வொரு பிரிவாகப் பின்வாங்கின’ என்பது தலைப்பு. அது ஒரு கூற்று. உண்மையா பொய்யா என்று சோதிக்கலாம், எந்த வரைபடம் கீழே வர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எல்லாத் தலைப்புகளையும் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தால் வாதம் தடங்கலின்றி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் நடுவில் ஒரு ஸ்லைடு குறைகிறது, அல்லது ஒன்று அதிகம்.

இந்த வெற்று அடுக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தரவு வருவதற்கு முன்பே முடிவை எழுதிவிட்டு, பிறகு அதற்குத் தோதான எண்களைப் பொறுக்கத் தோன்றும். அதனால் ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும், எந்த எண் வந்தால் இந்தத் தலைப்பைக் கிழித்துப்போட வேண்டும் என்றும் எழுதிவைப்பது நல்லது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை.

இனி ஆய்வு. முதல் ஆதாரமாக எல்லோரும் கை வைப்பது சந்தைப் பங்கில்தான். 1959ல் அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் இறக்குமதியில் பிரிட்டன் 49 சதவீதம் வைத்திருந்தது. 1966ல் ஹோண்டா மட்டுமே 63 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தூண்களாக நிறுத்தினால் ஸ்லைடு பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் தப்பு. முதல் எண் இறக்குமதியில் பங்கு. இரண்டாவது எண் உள்நாட்டு ஹார்லி டேவிட்சனையும் சேர்த்த மொத்தச் சந்தையில் பங்கு. கீழே வகுக்கும் எண் வேறாக இருக்கும்போது மேலே ஒப்பிட முடியாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘எதில் 63?’ என்று கேட்டால், அதன் பிறகு வரும் நல்ல ஸ்லைடுகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் எதன் சதவீதம், எந்த ஆண்டு, யாருடைய கணக்கு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருப்பது அதற்காகத்தான்.

இன்னொரு பொறி இதைவிட ஆழமானது. பங்கு சரிந்த அதே அறுபதுகளில் அமெரிக்காவில் ட்ரையம்ப் விற்ற வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. 1967 வாக்கில் அது உச்சத்தில் இருந்தது. ஏற்றுமதிக்காக பிஎஸ்ஏ குழுமத்துக்கு அரசியின் விருதே கிடைத்தது. ஹோண்டா புதிதாக வாங்குபவர்களை லட்சக்கணக்கில் உள்ளே கொண்டுவந்து சந்தையையே ஊதிப் பெரிதாக்கியதால், பிரிட்டிஷ் விற்பனை உயர்ந்துகொண்டே பங்கு விழுந்தது. சதவீத வரைபடத்தை மட்டும் காட்டும் டெக், அந்த நிர்வாகிகள் குருடர்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடும். அவர்கள் மேசையில் இருந்த தாளில் எண்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. எண்ணிக்கை ஒரு கோடாகவும் பங்கு ஒரு கோடாகவும் ஒரே ஸ்லைடில் வந்தால்தான், ஏன் யாரும் அலறவில்லை என்பது புரியும்.

உண்மையில் அவர்கள் கவலைப்படாததற்கு ஒரு கொள்கையே இருந்தது. பிஎஸ்ஏ தலைவர் எரிக் டர்னர் 1965ல் அதை வெளிப்படையாகவே சொன்னார். ஜப்பானியரின் மலிவு வண்டியில் ஓட்டப் பழகுகிறவர்கள், ருசி கண்டபின் பிரிட்டனின் பெரிய வண்டிக்கு வருவார்கள், ஆகையால் ஜப்பானியரின் வெற்றி நமக்கும் நல்லதே என்பது அதன் சாரம். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் நல்ல டெக் இதைக் கேலி செய்யாது, சோதிக்கும். டர்னர் சொன்னது உண்மை என்றால் இரண்டு விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். சிறிய வண்டிச் சந்தை வளர்ந்த சில ஆண்டுகள் கழித்துப் பெரிய வண்டிச் சந்தையும் வளர வேண்டும். அந்தப் பெரிய வண்டிப் பிரிவுக்குள் பிரிட்டனின் பங்கு குறையாமல் இருக்க வேண்டும். முதலாவது நடந்தது. அதில் டர்னர் சொன்னது சரி. இரண்டாவது நடக்கவில்லை. 1969ல் ஹோண்டா நான்கு சிலிண்டர் சிபி750ஐ இறக்கியது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அதற்குச் சற்று முன் வந்திருந்த பிரிட்டனின் மூன்று சிலிண்டர் வண்டிகளை இன்னும் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டியிருந்தது. ருசி கண்டவர்கள் பெரிய வண்டிக்கு வந்தார்கள், ஹோண்டாவின் பெரிய வண்டிக்கு.

இந்த ஒரு சோதனையை மட்டும் இரண்டு ஸ்லைடுகளில் போட்டாலே ஆய்வின் பாதி முடிந்தது. மொத்தச் சந்தைப் பங்கைப் பிரித்து, எஞ்சின் கொள்ளளவு வாரியாகக் காட்டினால் ஒரு படிக்கட்டு தெரியும். ஜப்பானியர்கள் ஒரு பிரிவுக்குள் வந்ததும் அங்கே லாபம் மெலிகிறது. லாபம் மெலிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பிரிவை விட்டுவிட்டு ஒரு படி மேலே ஏறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது அந்த ஆண்டின் கணக்குக்குச் சரியான முடிவு. நஷ்டம் தரும் வண்டியை நிறுத்தினால் லாபம் கூடத்தானே செய்யும்? ஆனால் ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் படிகள் தீர்ந்துவிடும். அறிக்கை குறுகிய கால லாபத்தின் மீதான இந்த நாட்டத்தைத்தான் முக்கியக் குற்றவாளியாக நிறுத்தியது.

ஏன் திருப்பி அடிக்க முடியவில்லை என்ற கேள்விக்கு அறிக்கை எழுதியவர்களிடம் ஒரு சொந்த ஆயுதம் இருந்தது. அனுபவ வளைவு. அந்த நிறுவனத்தை நிறுவிய புரூஸ் ஹென்டர்சன் அறுபதுகளில் பரப்பிய கருத்து இது: ஒரு பொருளை இதுவரை செய்த மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த அடக்க விலை 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் அடக்கம் 100 என்றால், 20 சதவீதக் குறைவில் ஒரு இரட்டிப்புக்குப் பின் 80, இரண்டாவதுக்குப் பின் 64, மூன்றாவதுக்குப் பின் 51. அதாவது போட்டியாளரைவிட எட்டு மடங்கு வண்டிகள் செய்து முடித்தவர் ஏறக்குறையப் பாதி அடக்கத்தில் நிற்கிறார். ஹோண்டா 1959ல் மட்டும் 2,85,000 வண்டிகள் விற்றது. அதில் 1,68,000 சூப்பர் கப் என்ற 50 சிசி குட்டி வண்டி. அமெரிக்காவில் அந்த வண்டி 250 டாலருக்கும் குறைவு, பெரிய வண்டிகளோ 1,000 முதல் 1,500 டாலர்.

தலைப்பு இங்கேதான் ஆதாரத்தைவிட நீளமாக வளரப் பார்க்கும். ‘எண்ணிக்கையால் ஹோண்டாவின் அடக்கம் குறைந்தது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 50 சிசி வண்டி செய்த அனுபவம் 750 சிசி வண்டியின் அடக்கத்தைக் குறைக்குமா? எவ்வளவு? இரண்டுக்கும் பொதுவான இயந்திரங்கள், வார்ப்படக் கூடம், வேலை முறை எவை என்று தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. அனுபவம் தானாகச் செலவைக் குறைப்பதும் இல்லை. ஹோண்டா தானியங்கி இயந்திரங்களில் முதல் போட்டது, அதனால் குறைந்தது. வளைவு ஒன்றை மட்டும் ஆதாரமாக வைக்கும் ஸ்லைடு சறுக்கும். அதன் பக்கத்தில் ஓர் ஆள் ஓராண்டில் எத்தனை வண்டி செய்கிறார், ஒரு ஆளுக்கு எவ்வளவு மதிப்புள்ள இயந்திரம் நிற்கிறது என்ற இரண்டு நேரடி ஒப்பீடுகள் வந்தால்தான் அது நிற்கும். வேறு வேறு வழியில் வந்த மூன்று ஆதாரங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது, ஒரே தரவிலிருந்து வரைந்த மூன்று வரைபடங்களைவிட எவ்வளவோ மேல்.

பரிந்துரைக்கு வரும்போது ஒரு குழப்பம் எழும். வேலை நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. ஆய்வாளர் தரவிலிருந்து முடிவுக்கு ஏறினார். அமைச்சரோ மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு கூட்டத்துக்குப் போகக்கூடியவர். ஆகவே முடிவு முதல் பக்கச் சுருக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது மின்ட்டோ பள்ளியின் விதி. கேட்பவர் அந்த முடிவை எதிர்பார்க்காதவராக, அது அவரைச் சுடக்கூடியதாக இருந்தால் மட்டும் சிலர் வரிசையை மாற்றி, ஆதாரத்தைப் படிப்படியாகக் காட்டிவிட்டு முடிவைச் சொல்வார்கள். தொழிற்சாலையை மூடு என்பது அப்படிப்பட்ட முடிவு. மெரிடன் ஊர் ட்ரையம்ப் தொழிலாளிகள் 1973லிருந்து ஆலையைப் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்டில் அதை முதல் வரியில் எழுத தைரியம் வேண்டும்.

மாற்று வழிகளை ஒரே அளவுகோலில் அளக்க வேண்டும். பெரிய, விலை கூடிய சில வண்டிகளோடு ஒதுங்கி வாழ்வது ஒரு வழி. எல்லாப் பிரிவிலும் ஜப்பானியரோடு மோதும் அளவுக்குப் புதிய ஆலைகள் கட்டுவது அடுத்த முனை. நடுவில் ஒன்றிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அரசு போட வேண்டிய பணம், அது திரும்பும் காலம், தங்கும் வேலைகள், இவை தவிர ‘இது பலிக்க எவை உண்மையாக இருக்க வேண்டும்’ என்ற ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்திதான் ஆய்வையும் பரிந்துரையையும் கட்டும் கயிறு. ஒதுங்கி வாழும் வழி பலிக்க வேண்டுமானால், ஜப்பானியர் மேல்படிக்கு வராமல் இருக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் கூடுதல் விலையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய ஸ்லைடுகளில் சிபி750 வந்துவிட்டது. முதல் நிபந்தனை அங்கேயே விழுந்துவிட்டது. ஆய்வில் வராத எதையும் பரிந்துரை புதிதாகச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. ஆய்வில் வந்து பரிந்துரைக்கு உதவாத ஸ்லைடு, எத்தனை அழகாக இருந்தாலும், பின்னிணைப்புக்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷ் அரசு மேற்கொண்டு பணம் தர மறுத்தது. தொழில்துறை அமைச்சர் எரிக் வார்லி அந்த 1975 கோடையிலேயே அதை அறிவித்தார். மெரிடன் தொழிலாளிகளின் கூட்டுறவு மட்டும் 1983 வரை இழுத்துப் பிடித்தது.

கதை இங்கே முடியவில்லை. 1982ல் ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற அமெரிக்கர் டோக்கியோவுக்குப் போய், ஹோண்டாவை அமெரிக்காவில் நிறுவிய ஆறு அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்டார். 1984ல் அவர் எழுதியது வேறு கதை. சிறிய வண்டியில் நுழைந்து மேலே ஏறுவது என்று யாரும் திட்டமிடவில்லை. ஜப்பானிய நிதி அமைச்சகம் அனுமதித்தது 2,50,000 டாலர், அதிலும் ரொக்கம் 1,10,000 மட்டுமே. 50, 125, 250, 305 சிசி என்று நான்கு வண்டிகளிலும் சமமாகச் சரக்கு கொண்டுபோனார்கள், நம்பியது பெரியவற்றை. 1960 வசந்தத்தில் அவை எண்ணெய் ஒழுகி, கிளட்ச் தேய்ந்து திரும்பி வந்தன. அமெரிக்க நெடுஞ்சாலையில் இன்னும் வேகமாக, இன்னும் தூரம் ஓட்டினார்கள். அதே நேரம் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்களே கடைகண்ணிக்கு ஓட்டிப்போன சூப்பர் கப்பைப் பார்த்து, சியர்ஸ் நிறுவனத்துக் கொள்முதல்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பெரிய வண்டி படுத்துவிட்டதால் வேறு வழியின்றிக் குட்டி வண்டியை விற்றார்கள். அது பிய்த்துக்கொண்டு போனது.

ஹென்ரி மின்ட்ஸ்பெர்க் இதைப் பிடித்துக்கொண்டு, கன்சல்டன்ட்டுகள் அறையில் உட்கார்ந்து திட்டத்தைக் கற்பனை செய்துவிட்டார்கள் என்று சாடினார். அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் கூல்ட் 1996ல் பதில் சொன்னார். தங்களிடம் கேட்கப்பட்டது ஹோண்டா எப்படி அங்கே வந்தது என்பது அல்ல, பிரிட்டன் இப்போது என்ன செய்வது என்பதுதான், அதற்கு ஜப்பானியர் இன்று நிற்கும் இடம்தான் தேவை, வந்த வழி அல்ல என்பது அவர் வாதம்.

ஒரு டெக் தயாரிப்பவரின் கண்ணால் பார்த்தால் கூல்ட் பக்கம்தான் நியாயம் அதிகம், ஆனால் முழுதும் இல்லை. அடக்க விலை எங்கே நிற்கிறது என்பதற்கு அறிக்கையில் ஆதாரம் இருந்தது. ஜப்பானியர் மனதில் என்ன தத்துவம் இருந்தது என்பதற்கு வெளியிலிருந்து பார்த்த விளைவுகள் மட்டுமே இருந்தன. ஆனால் எழுத்தில் இரண்டும் ஒரே உறுதியோடு வந்தன. அதை வகுப்பறைக்கு எடுத்துப்போனவர்கள் இரண்டாவதையே பாடமாக்கினார்கள். ‘அளவை மையமாக வைத்து ஹோண்டா திட்டமிட்டது’ என்ற தலைப்பை ‘1975ல் ஹோண்டாவின் அளவு அதற்கு அடக்க விலையில் முன்னிலை தருகிறது’ என்று மாற்றினால் பரிந்துரையில் ஒரு வரிகூட மாறாது, பாஸ்கேல் கிழிப்பதற்கும் எதுவும் இருக்காது.

கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் திரையில் வராத இன்னொரு அடுக்கு உண்டு. இந்த வழக்கில் அதில் நாலைந்து பக்கம் போதும்: எஞ்சின் பிரிவு வாரியான முழு எண்கள், அடக்க விலையை எப்படி மதிப்பிட்டோம் என்ற கணக்கு, டாலருக்கு எதிராக யென் ஏறினால் முடிவு மாறுமா என்ற சோதனை, பேசிய டீலர்களின் பட்டியல், கேட்க முடியாமல் போனவர்களின் பட்டியல். அந்தக் கடைசிப் பட்டியலில் ‘ஹோண்டா அமெரிக்கா, 1959’ என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.